எட்டு கோர், ஒரே வண்ணாரப்பேட்டை: தரவைப் பிரித்துச் சார்ட் செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல கோர்களில் சார்ட் செய்யும் முறை எளிது. மதிப்புகளுக்கு எல்லைகள் போட்டு, ஒவ்வொரு எல்லைக்குள் வரும் பதிவுகளையும் ஒரு பக்கெட்டில் சேர்த்து, பக்கெட்டுக்கு ஒரு கோர் என்று கொடுக்கிறோம். எல்லாம் தனித்தனியே சார்ட் ஆனதும் வரிசையாக அடுக்கினால் போதும், மெர்ஜ் தேவையில்லை. சிறு மதிப்புக்கும் பெரு மதிப்புக்கும் இடையே சம தூரத்தில் எல்லை போடக்கூடாது என்பதும், மாதிரி எடுத்துத்தான் போட வேண்டும் என்பதும் பலருக்கும் தெரியும். அதைத் தாண்டி வந்தவர்களும் திரும்பத் திரும்ப விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது.

## முதல் நெடுவரிசையை மட்டும் வைத்து எல்லை போடுவது

வடசென்னையில் பார்சல் விநியோகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் 8 கோடிப் பதிவுகளை பின்கோடு வாரியாகவும், ஒரே பின்கோடுக்குள் நேர வாரியாகவும் அடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பல மெஷின்களில் பரவிய 8 கோர்கள், அதாவது கோருக்கு 1 கோடி. எண்ணிக்கை இப்படி இருக்கட்டும்: பாரிமுனை 600001-இல் 60 லட்சம், ராயபுரம் 600013-இல் 80 லட்சம், திருவொற்றியூர் 600019-இல் 1 கோடி, பழைய வண்ணாரப்பேட்டை 600021-இல் 3.2 கோடி, எண்ணூர் 600057-இல் 60 லட்சம், மணலி 600068-இல் 50 லட்சம், தண்டையார்பேட்டை 600081-இல் 1.1 கோடி, கொடுங்கையூர் 600118-இல் 20 லட்சம்.

பக்கெட்டுக்கு 100 வீதம் 800 பதிவுகளை மாதிரியாக எடுத்து, அடுக்கி, 100-வது, 200-வது என்று 700-வது வரை பொறுக்கினால் 7 எல்லைகள் கிடைக்கும். பின்கோடை மட்டும் பார்த்துப் பொறுக்கினால் அவை பெரும்பாலும் இப்படி வரும்: 600013, 600019, 600021, 600021, 600021, 600057, 600081.

மாதிரியில் தவறே இல்லை. ஆனால் 600021 மூன்று முறை வந்துவிட்டது. எல்லைக்குச் சமமான பதிவு வலப்பக்கம் போகும் என்று விதி வைத்தால், இரண்டு பக்கெட்டுகள் காலியாகி, ஒன்றில் மட்டும் 3.2 கோடி குவியும். மற்றவர்கள் முடித்துவிட்டுக் காத்திருக்க, ஒரு கோர் மட்டும் உழைக்கும். 8 மடங்கு வேகம் எதிர்பார்த்த இடத்தில் 2.5 மடங்கைத் தாண்டாது. பதிவு ஒன்று 100 பைட் என்றால் அந்த ஒரு பக்கெட்டே 3.2 ஜிபி. கோருக்கு 2 ஜிபி ஒதுக்கியிருந்தால் டிஸ்க்கில் கொட்டும், இல்லாவிட்டால் வேலை செத்துவிடும். வேறு மெஷினில் திரும்ப ஓட்டினாலும் அதே பக்கெட்தான் போகும், அங்கேயும் சாகும்.

இந்த இடத்தில் மாதிரியைக் கூட்டுவதும் மெஷின் கூட்டுவதும்தான் எரிச்சல் தரும் விஷயம். 16 கோர் போட்டாலும் 600021 என்ற ஒரே மதிப்பை நடுவில் வெட்ட முடியாது. காசுதான் கரையும்.

எல்லையிலும் முழுச் சாவியையும் வையுங்கள்: பின்கோடு, நேரம், அவை இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரித்துக்காட்ட மெஷின் எண், வரிசை எண்.

```python
b = bisect_right(ellai, (pin, neram, machine, row))
```

இப்போது 600021 வரும் மூன்று எல்லைகளிலும் நேரம் வெவ்வேறாக இருக்கும். வண்ணாரப்பேட்டை நான்கு பக்கெட்டுகளில் பரவி, ஒவ்வொன்றும் 1 கோடிக்கு அருகில் வரும். மெஷின் எண்ணும் வரிசை எண்ணும் ஒப்பிடும்போது மட்டும் தேவை. அவற்றைப் பதிவோடு நெட்வொர்க்கில் அனுப்ப வேண்டாம். ஸ்பார்க்கில் இதே தவறு `repartitionByRange(8, "pin")` என்று எழுதும்போது வரும். அங்கே இரட்டித்த எல்லைகளை அதுவே நீக்கிவிடுவதால், கேட்ட 8-ஐவிடக் குறைந்த பார்ட்டிஷன்களே கிடைக்கும். அதுவே அடையாளம். `repartitionByRange(8, "pin", "neram")` என்று எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு பின்கோடின் பதிவுகள் எல்லாம் ஒரே மெஷினில் இருக்கும் என்று நம்பி அடுத்த கட்ட நிரல் எழுதப்பட்டிருந்தால், இந்த மாற்றத்துக்குப் பின் அது சத்தமில்லாமல் தவறான கூட்டுத்தொகை தரும். முதலில் அதைத் தேடித் திருத்துங்கள்.

## எண்ணிப் பார்க்காமல் சார்ட்டைத் தொடங்குவது

பதிவுகளை நகர்த்தும் முன்பே பக்கெட் வாரியாக எண்ணிக்கை எடுத்துவிடலாம். மிகப் பெரிய பக்கெட்டைச் சராசரியால் வகுங்கள். மேலே உள்ள கணக்கில் அது 3.2. பக்கெட்டுக்கு 100 மாதிரி எடுத்தால் ஒரு பக்கெட்டின் அளவு வழக்கமாக 10 சதவீதம் அளவுக்கு ஏறி இறங்கும். 20 மட்டும் எடுத்தால் 22 சதவீதம் வரை. ஆகவே 1.2, 1.3 வந்தால் கவலை வேண்டாம். 2-ஐத் தாண்டினால் அது மாதிரியின் ஏற்ற இறக்கம் இல்லை, எல்லைப் பட்டியலில் ஒரே மதிப்பு இருமுறை இருக்கிறதா என்று பாருங்கள்.

## கோப்பின் தலையில் மட்டும் மாதிரி எடுப்பது

முதல் ஆயிரம் வரிகள் ஒரே நாளின், ஒரே கிடங்கின் பதிவுகளாக இருக்கும். எல்லா மெஷின்களிலும், எல்லா இடங்களிலிருந்தும் எடுங்கள்.

## ஒவ்வொரு மெஷினும் தன் எல்லையைத் தானே போடுவது

கூடாது. ஒரே பட்டியல், எல்லோருக்கும்.