ஓகே சொன்ன ஆள் ஜொயின் பண்ண முந்தி பதில் தராம போனா

ஹட்டன்ல நம்ம கடைக்கு கெஷியரா வர ஒத்துக்கிட்ட தங்கச்சி ஒண்ணு, திங்கக்கிழமை ஜொயின் பண்ணணும், ஆனா முந்தின செவ்வாயில இருந்து பதிலே இல்ல, நானும் பதறிப்போய் ஒரே நாள்ல ஒன்பது கோல் எடுத்தேன், அப்பிடி செய்யாதீங்க, ஆள் இன்னும் பயந்துரும்.

மொதல்ல வட்ஸ்அப் டிக்க பாருங்க. ஒத்த டிக்னா மெசேஜ் போனுக்கே போகல, மேல் டிவிஷன் லயத்துல சிக்னல் இல்லாமயும் இருக்கலாம், அதனால சாதா எஸ்எம்எஸ் ஒண்ணும் போடுங்க. ரெண்டு டிக் விழுந்தும் பதில் இல்லன்னா, பெரும்பாலும் வரலன்னு சொல்ல கூச்சம்தான், அந்த கதவ நீங்களே தொறந்து விடணும். நான் போட்டது இது:

"தங்கச்சி, வர ஏலாட்டி பரவாயில்ல, கோவிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் 4 மணிக்குள்ள வாறேன்னோ வரலன்னோ ஒரு வார்த்த அனுப்புங்க. அதுக்கு பொறகு அடுத்த ஆள கூப்பிடுவேன்."

அரை மணித்தியாலத்துல பதில் வந்துச்சு, அப்பாவ ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க, ஒரு கெழம பிந்தி வரலாமான்னு. நாளும் நேரமும் போடாம "சீக்கிரம் சொல்லுங்க"ன்னா வேலைக்காகாது. நீங்க சொன்ன நேரம் தாண்டினா மறுபடி கெஞ்சாம அடுத்த ஆளுக்கு கோல் எடுங்க, அதுக்காகவே ரெண்டாவதா வந்தவருக்கு முன்னாடியே "இல்ல"ன்னு சொல்லிறாதீங்க.