‘கேஸ் ட்ரபிள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்: இங்கிலாந்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வீடு பிடித்த கையோடு பக்கத்தில் இருக்கும் ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டரின் கிளினிக்கில் பெயர் பதிந்துவிடுங்கள். பதியக் காசு கிடையாது, டாக்டரைப் பார்க்கவும் காசு கிடையாது. பாஸ்போர்ட், முகவரிச் சான்று கேட்பார்கள். ஆனால் அவை இல்லை என்பதற்காகப் பதிய மறுக்கக் கூடாது என்பது விதி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே சொல்லுங்கள், அதுவும் இலவசம்தான். இதெல்லாம் எல்லாரும் சொல்வது. யாரும் சொல்லாத ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு ஆறு வாரத்தைத் தின்றது.

நம்ம ஊரில் வயிற்றுக்கு ஒன்றென்றால் சாயந்திரம் குடல் நோய் டாக்டரிடம் டோக்கன் போடுவோம். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு போனால் எண்டோஸ்கோப்பி முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்போம். இங்கே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் சிறப்பு மருத்துவரை நேராகப் போய்ப் பார்க்க முடியாது. ஜி.பி. அனுப்ப வேண்டும். அந்த ஜி.பி.யை எப்போது பார்ப்பீர்கள் என்பது ரிசப்ஷனில் போன் எடுப்பவரிடமோ ஆன்லைன் படிவத்திலோ நீங்கள் சொல்லும் ஓரிரு வரியைப் பொறுத்தது. “ரிசப்ஷனிஸ்ட்டிடம் போய் இதையெல்லாம் எப்படிச் சொல்வது” என்ற கூச்சத்தில்தான் பலர் “கேஸ்”, “அசிடிட்டி” என்று முடித்துக்கொள்கிறார்கள்.

அந்த நண்பருக்கு வயது 52. சப்பாத்தியும் கோழித் துண்டும் நெஞ்சுக் குழியில் நிற்பது போல இருந்திருக்கிறது. படிவத்தில் எழுதியது “அசிடிட்டி, கேஸ்”. அவசரமில்லாத வரிசையில் போட்டு, இரண்டு வாரம் கழித்து நேரம் கொடுத்தார்கள். டாக்டரிடமும் “நெஞ்சு கரிக்குது” என்றே சொன்னார். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் எழுதி, நான்கு வாரம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். டாக்டர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை, வெறும் நெஞ்செரிச்சலுக்கு இங்கே அதுதான் முறை. சாப்பாடு சிக்குகிறது என்பதை ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் வழியே வேறு. விழுங்கும்போது உணவு சிக்கினால், எந்த வயதானாலும், அவசர எண்டோஸ்கோப்பிக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் டாக்டர்களுக்கு முறைகளை வகுக்கும் இங்குள்ள நைஸ் அமைப்பின் வழிகாட்டல். அதற்கு 55 வயது தாண்டியிருக்க வேண்டியதில்லை. எடை குறைவோடு மேல்வயிற்று வலி, நெஞ்செரிச்சல், அஜீரணம் இவற்றில் ஒன்று சேர்ந்து வந்தால்தான் 55 என்ற கணக்கு.

ஆகவே போனில் இப்படிச் சொல்லுங்கள்: “ஃபுட் கெட்ஸ் ஸ்டக் வென் ஐ ஸ்வாலோ.” எத்தனை வாரமாக, எந்த உணவு, எடை குறைந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறமும் இரண்டு வாரம் தள்ளிக் கொடுத்தால், “டாக்டரிடம் இதைக் காட்டிவிட்டு முடிவு சொல்லுங்கள்” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

விழுங்கும் சிரமம் நம்மவர்களிடம் தாமதமாகத்தான் தெரிகிறது. அதற்குக் காரணம் நம் சாப்பாடு. பிரெட்டும் ஸ்டேக்கும் சாப்பிடுகிறவருக்கு இரண்டே நாளில் தெரிந்துவிடும். நாம் சப்பாத்தியிலிருந்து இட்லிக்கும், இட்லியிலிருந்து குழைத்த ரசம் சாதத்துக்கும், அங்கிருந்து கஞ்சிக்கும் இறங்கிக்கொண்டே போவோம், ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். கேட்டால் “நல்லாத்தான் சாப்பிடுறேன்” என்போம். மூன்று மாதம் முன்னால் சாதாரணமாகச் சாப்பிட்ட எதை இப்போது தவிர்க்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர் தேவைப்படுகிறதா? மற்றவர்கள் கை கழுவிய பிறகும் நீங்கள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறீர்களா? முதலில் கெட்டியான உணவு, பிறகு மிருதுவானது, கடைசியில் தண்ணீர் என்று வாரத்துக்கு வாரம் ஏறினால், உணவுக் குழாய் உள்ளே குறுகிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அந்தக் குறுகலுக்குப் புற்றும் காரணமாகலாம், நாள்பட்ட அமிலத் தழும்பும் காரணமாகலாம், உள்ளே பார்க்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆரம்பத்திலிருந்தே தண்ணீரும் சாதமும் ஒரே மாதிரி நின்றால் உணவுக் குழாயின் அசைவில் கோளாறு இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். சாப்பிடாத நேரத்தில் தொண்டையில் உருண்டை இருப்பது போலத் தோன்றி, சாப்பிடும்போது மறைந்துவிடுவது வேறு சங்கதி, பெரும்பாலும் ஆபத்தில்லை. எச்சில்கூட இறங்காமல் வழிந்தால் போன் போட்டுக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவான ஏ அண்ட் இ-க்குப் போங்கள்.

வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். உணவுக் குழாய்ப் புற்றுக்கு அது ஒரு காரணம். இங்குள்ள டாக்டர் சிகரெட்டைப் பற்றிக் கேட்பார், வெற்றிலைப் பெட்டியைப் பற்றிக் கேட்கத் தோன்றாது.

அடுத்தது கறுப்பு மலம். இதற்கு ஜி.பி. வரிசையே கிடையாது, அன்றைக்கே பார்க்க வேண்டியது. இரைப்பையிலோ சிறுகுடல் தொடக்கத்திலோ கசிந்த ரத்தம் குடல் முழுக்கப் பயணம் செய்து செரித்து வரும்போது தார் போலக் கறுத்துவிடுகிறது. 50 முதல் 100 மில்லி ரத்தமே போதும், அரை டம்ளர். பளபளப்பாக, ஒட்டும் பதத்தில், ஃப்ளஷ் செய்தாலும் பீங்கானை விட்டுப் போகாமல் இருக்கும். வழக்கமான நாற்றமாக இல்லாமல் குமட்டும் ஒரு வாடை அடிக்கும்.

கறுப்பாகப் போனாலே ரத்தம் என்றும் இல்லை. இரும்புச் சத்து மாத்திரை மலத்தைக் கருமையாக்கும். ஆனால் அது சாதாரணமாகக் கட்டியாக இருக்கும், தாளில் தேய்த்தால் கரும்பச்சை தெரியும், ஒட்டாது, அந்த வாடை வராது. பிஸ்மத் கலந்த பிங்க் நிற வயிற்று மருந்தும் கறுப்பாக்கும், நாக்கும் கறுக்கும். இங்கேதான் ஒரு குழி இருக்கிறது. ரத்த சோகை என்று ஊரில் கொடுத்த இரும்பு மாத்திரையை எடுத்துவந்து விழுங்கிக்கொண்டிருப்பார்கள், மலம் கறுத்தால் “மாத்திரையால்தான்” என்று விட்டுவிடுவார்கள். அந்த ரத்த சோகை வந்ததே உள்ளே கசிவதால் இருக்கலாம். ஆணுக்கும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இரும்புச் சத்து குறைந்து சோகை வந்தால், மாத்திரையோடு நிறுத்தாமல் காரணத்தைத் தேட வேண்டும். சந்தேகம் இருந்தால் நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் கேட்டுவிடுங்கள்.

கேட்க வேண்டிய எண் 111, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. “பிளாக், ஸ்டிக்கி ஸ்டூல், லைக் டார்” என்ற சொற்களைச் சொல்லுங்கள். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, குளிர்ந்து வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ரத்தமாகவோ காபித் தூள் போலவோ வாந்தி வருகிறது என்றால் ஆம்புலன்ஸுக்கு 999. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரும் கல்லீரல் நோய் உள்ளவரும் தலை சுற்றும்வரை காத்திருக்க வேண்டாம்.

பெரும்பாலும் இதற்குப் பின்னால் ஒரு வலி மாத்திரை இருக்கும். கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை, முதுகு வலி, சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் ஐபுபுரூஃபன். ஊரிலிருந்து சூட்கேஸில் வந்த டைக்ளோஃபினாக்கும் அதோடு சேரும். இங்கே அந்த மாத்திரை சீட்டில்லாமல் கிடைக்காது. இரண்டும் ஒரே குடும்பம். இரண்டு வாரம் சேர்த்துச் சாப்பிட்டால் இரைப்பையில் புண் வரலாம், அதுவும் வலியே இல்லாமல், ஏனென்றால் வலியை அமுக்குவதுதானே அதன் வேலை. ஏ அண்ட் இ-யில் நாடி, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், யூரியா பார்த்து, ஆபத்து எவ்வளவு என்று புள்ளி போடுவார்கள். மிகக் குறைந்த புள்ளி என்றால் வீட்டுக்கு அனுப்பி, பிறகு வெளிநோயாளியாக எண்டோஸ்கோப்பி செய்வார்கள். மற்றவர்களை அனுமதித்து, 24 மணி நேரத்துக்குள் செய்ய முயல்வார்கள். விழுங்கிய எல்லா மாத்திரைப் பட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்தையும் விட வேண்டாம்.

எடை குறைவுக்கு வந்தால், புதிதாக வந்தவர்களிடம் பதில் தயாராக இருக்கும்: “குளிர், தனிச் சமையல், ஊர்ச் சாப்பாடு இல்லை.” முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். உடம்பைக் குறைக்க எதுவும் செய்யாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து போனால் காட்ட வேண்டும். 70 கிலோ ஆளுக்கு அது மூன்றரைக் கிலோ. விசாவுக்கோ வேலைக்கோ எடுத்த மருத்துவச் சான்றில் பழைய எடை இருந்தால், அதைக் கையோடு கொண்டுபோங்கள். “மெலிந்துவிட்டேன்” என்பதைவிட “மார்ச்சில் 70, இப்போது 65” என்பதை எந்த டாக்டரும் ஒதுக்க முடியாது.

ஊரிலிருந்து சூட்கேஸில் வந்த அமில மாத்திரை பான்டப்ரசோலைப் பற்றி ஒன்று. நெஞ்செரிச்சலை அது அடக்கும், அடியில் இருப்பதை அல்ல. புற்றாக மாறிய புண்கூடச் சில வாரம் ஆறியது போல் தோன்றலாம், எண்டோஸ்கோப்பியில் கண்ணில் படாமல் நழுவலாம். இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கான மலப் பரிசோதனையும் பொய்யாக ‘இல்லை’ என்று வரலாம். அதனால் அந்தப் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் இதையும், நான்கு வாரம் ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தச் சொல்வார்கள். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எப்போது நிறுத்துவது என்பதை அவர்களே சொல்லட்டும், அதற்காக அவசரப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

அவசரப் பரிந்துரை போனால் புற்றா இல்லையா என்பதை 28 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது இங்கிலாந்தின் இலக்கு. ஒரு வாரத்தில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரவில்லை என்றால் கிளினிக்குக்குப் போன் செய்து, பரிந்துரை அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். பதியும்போது கொடுத்த இந்திய எண்ணை மாற்றாமல் விட்டு அழைப்பைத் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர். எண்டோஸ்கோப்பி அன்று ஆறு மணி நேரம் சாப்பிடக் கூடாது. மயக்க ஊசி கேட்டால் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும், ஒரு நாள் கார் ஓட்டக் கூடாது. தனியாக இருப்பவர்கள் தொண்டையில் மருந்து தெளித்துச் செய்துகொள்ளலாம். கொஞ்சம் ஓங்கரிக்கும், சில நிமிடத்தில் முடியும், தனியாகவே பஸ் ஏறி வரலாம்.

ஊரிலிருந்து பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாதான் இதையெல்லாம் அதிகம் மறைப்பவர்கள், பில் பயத்தில். ஜி.பி.யைப் பார்ப்பது அவர்களுக்கும் இலவசம். ஏ அண்ட் இ-க்குள் பார்ப்பதும் இலவசம். வார்டில் அனுமதித்தாலோ வெளிநோயாளிப் பிரிவில் பரிசோதித்தாலோதான் கட்டணம் தொடங்கும், அதற்குத்தான் பயண இன்சூரன்ஸ். உடனடித் தேவையான சிகிச்சையைப் பணம் கட்டவில்லை என்று நிறுத்தக் கூடாது. டாய்லெட்டில் கறுப்பாகப் போகிறதா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.