காலையில் மட்டும் ஓடாத டிவி: ரவுட்டரின் நேரக் கட்டுப்பாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி

அம்மா போன மாதம் களுவாஞ்சிக்குடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்த் தங்கினார். காலையில் யூடியூபில் தேவாரம் கேட்பது அவருடைய வழக்கம். போன இரண்டாம் நாளே அழைப்பு வந்தது. "தம்பி, இஞ்ச டிவி காலையில வேலை செய்யுதில்ல. பத்தரைக்கு மறுகா தானா வருது." இணைய நிறுவனத்துக்கு அத்தான் இரண்டு முறை எடுத்துப் பேசியிருக்கிறார். லைன் நன்றாக இருக்கிறது என்றுதான் இரண்டு முறையும் பதில். அது உண்மைதான், குறை லைனில் இல்லை. சனிக்கிழமை மட்டக்களப்பிலிருந்து போய் உட்கார்ந்து கண்டுபிடித்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், எந்த நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள்

டிவி நின்றதும் ரவுட்டரை அணைத்துப் போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். இங்கே அது பயன்படாது. ஒரு தாளில் நேரத்தை எழுதுங்கள். எப்போது நின்றது என்பதைவிட எப்போது திரும்ப வந்தது என்பதுதான் முக்கியம். இன்ன நேரத்தில் இந்த டிவிக்கு இணையம் கொடுக்காதே என்று ரவுட்டரில் விதி போட்டு வைக்கலாம். சில ரவுட்டர்கள் அந்தத் தடை நேரம் தொடங்கியதும் புதிய இணைப்புகளை மட்டும்தான் மறுக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் படம் இன்னும் சிறிது நேரம் ஓடும். அதனால் நிற்கும் நேரம் நாளுக்கு நாள் மாறலாம், திறக்கும் நேரம் அவ்வளவாக மாறாது. அம்மா சொன்ன பத்தரை மூன்று நாளும் பத்தரையாகவே இருந்தது. பழுது இப்படி மணி பார்த்துச் சரியாகாது, யாரோ போட்ட விதிதான் இப்படி நடக்கும்.

அப்புறம், டிவியா லைனா ரவுட்டரா என்று பிரியுங்கள்

டிவி ஓடாத அந்த நேரத்திலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். அதே வைஃபையில் உங்கள் போனில் யூடியூப் திறந்து பாருங்கள். அது ஓடினால் லைன் சரி. பிறகு போனில் டேட்டாவைப் போட்டு ஹொட்ஸ்பொட் திறந்து, டிவியை அதோடு இணையுங்கள். ஓடினால் டிவியும் சரி. மிச்சம் இருப்பது இந்த டிவியை இந்த ரவுட்டர் எப்படி நடத்துகிறது என்பதுதான்.

டிவியில் வைஃபை அடையாளம் முழுதாகத் தெரிகிறதே என்று குழம்ப வேண்டாம். நேரக் கட்டுப்பாடு பெரும்பாலான ரவுட்டர்களில் வைஃபையைத் துண்டிப்பதில்லை. டிவிக்கு ஐபி முகவரி கிடைக்கும், ரவுட்டரோடு பேசவும் முடியும். வெளியே இணையத்துக்குப் போகும் தரவை மட்டும் ரவுட்டர் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். "தடுக்கப்பட்டுள்ளது" என்று ஒரு சொல் கூடத் திரையில் வராது. இணையம் இல்லை என்று மட்டும் டிவி சொல்லும்.

டிவியின் MAC முகவரியை எடுங்கள்

டிவியின் அமைப்புகளில் வலையமைப்புப் பகுதியில் இது இருக்கும். இரண்டிரண்டு எழுத்தாக ஆறு தொகுதி. வைஃபைக்கு ஒன்று, கேபிளுக்கு இன்னொன்று. டிவி எதில் இணைந்திருக்கிறதோ அதை எழுதுங்கள். ரவுட்டர் டிவியை அடையாளம் காண்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

ரவுட்டருக்குள் போங்கள்

முகவரியும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். பெரும்பாலும் `192.168.1.1` அல்லது `192.168.8.1`. நான் செயலிகளை விட மடிகணினியில் பிரவுசர் வழியாகப் போவதையே விரும்புவேன். செயலிகள் பலவற்றில் நாம் கடைசியில் பார்க்கப்போகும் நேரப் பக்கம் இருப்பதே இல்லை.

உள்ளே `Parental Control`, `Access Control`, `Schedule` என்ற பெயர்களில் தேடுங்கள். அக்கா வீட்டு ரவுட்டரில் டிவியின் MAC முகவரிக்கு இரண்டு விதிகள் இருந்தன:

```
21:00 - 23:59  Deny
00:00 - 05:00  Deny
```

நள்ளிரவைத் தாண்டும் நேரத்தைப் பல ரவுட்டர்கள் ஒரே விதியாக ஏற்காது. அதனால்தான் இரண்டாகப் போட்டிருந்தது. மருமகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும்போது அத்தான் போட்டவை.

நான் தடுக்கி விழுந்த இடம்

இதைப் பார்த்ததும் மூடிவிட்டு வேறு இடங்களில் தேடப் போனேன். விதி இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்து வரைக்கும்தானே, டிவி நிற்பது காலை ஏழு எட்டு மணிக்கல்லவா? ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வீணாகப் போனது. அத்தானும், "அது வேலை செய்யவே இல்லை, பொடியன் இரவிரவாகப் படம் பார்த்தான், நானும் விட்டுட்டன்" என்றார். அந்தச் சொல்லில்தான் விடை இருந்தது.

ஐந்து மணிக்கு முடிய வேண்டியது பத்தரைக்கு முடிகிறது. இடையில் ஐந்தரை மணித்தியாலம். இலங்கை நேரம் கிரீன்விச் நேரத்தைவிட அதே ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறது. ரவுட்டரின் மணிக்கூடு கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது! அதற்கு இரவு 21:00 என்றால் நமக்கு அதிகாலை 2:30. அதற்கு 05:00 என்றால் நமக்கு 10:30. விதி முதல் நாளிலிருந்தே வேலை செய்திருக்கிறது, எல்லோரும் தூங்கும்போதும் பள்ளிக்கும் வேலைக்கும் போன பிறகும். அம்மா வந்து காலையில் டிவியைப் போடும்வரை அது யார் கண்ணிலும் படவில்லை.

ஆகவே விதியைப் பார்க்கும்போது பக்கத்தில் ரவுட்டரின் நேரத்தையும் பாருங்கள். டிவி காட்டும் நேரமும் போன் காட்டும் நேரமும் இதில் சேராது. ரவுட்டரின் `System` அல்லது `Time` பக்கத்தில் உள்ள நேரம் மட்டும்தான் கணக்கு.

சரிசெய்வது

விதி இனித் தேவையில்லை என்றால் அழித்துவிடுங்கள். தேவை என்றால் `Time Zone` பட்டியலில் `GMT+05:30` தெரிவுசெய்து சேமியுங்கள். இங்கே ஊர்ப் பெயரை நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள். 1996 ஒக்டோபரிலிருந்து 2006 ஏப்ரல் வரை நம் நாட்டு நேரம் ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்தது. பழைய பட்டியல்கள் சிலவற்றில் `Sri Jayawardenepura` இன்னும் `GMT+06:00` என்றே கிடக்கிறது. அதைத் தெரிவுசெய்தால் தடை அரை மணித்தியாலம் முந்தித் தொடங்கி முந்தி முடியும். அப்படியானால் `Chennai, Kolkata` என்று இருப்பதைத் தெரிவுசெய்யுங்கள், நேரம் ஒன்றுதான். `Daylight Saving` இருந்தால் அணைத்துவிடுங்கள்.

பின்பக்கத்து ஊசித் துளையை அழுத்தி ரீசெட் செய்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். விதி போகும், அதோடு இணைய நிறுவனம் உள்ளே போட்ட இணைப்பு விபரங்களும் போகக்கூடும். பிறகு ஆள் வரும்வரை வீட்டில் இணையமே இருக்காது.

பிற்சேர்க்கை

இதைப் படித்த அக்கரைப்பற்று வாசகர் ஒருவர், தன் வீட்டில் தடை ஒவ்வொரு வாரமும் வேறு நேரத்துக்கு வருகிறது என்று எழுதினார். நேரப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். 1970 ஜனவரி 2 என்று இருந்தது. வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் மணிக்கூட்டுக்கென்று பற்றரி இல்லை. கரண்ட் போய் வந்தால், இணையத்திலிருந்து நேரம் வாங்கும்வரை சில ரவுட்டர்கள் 1970இலிருந்து எண்ணத் தொடங்கும். அவருடையதில் `NTP` அணைந்திருந்ததால் அது சரியான நேரத்தை வாங்கவே இல்லை. கரண்ட் வந்த வேளையைப் பொறுத்துத் தடை நேரமும் மாறியிருக்கிறது. `NTP` அல்லது `SNTP` என்பதைத் திறந்து, சேவையகம் கேட்டால் `pool.ntp.org` என்று கொடுங்கள். சேமித்த பிறகு ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து அந்தப் பக்கத்தில் இன்றைய திகதி இருக்கிறதா என்று பாருங்கள். அவருக்கு இருந்தது, அதன்பிறகு தடை இடம் மாறவில்லை என்று எழுதியிருக்கிறார்.