புது சிவி அனுப்பினால் பழைய பதிவு திருந்தாது

யாழ்ப்பாணத்தில் வேலை தேடும் பிள்ளைகளுக்கு சிவி பார்த்துக் கொடுக்கிறேன். ஆட்சேர்ப்பு முகவரிடம் தங்களைப் பற்றிப் பிழையான விபரம் இருந்தால் அதைத் திருத்தக் கேட்பதில் எல்லோரும் இந்த ஐந்து இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

“திருத்திய சிவி இணைத்துள்ளேன்” என்று மட்டும் எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். முகவர் ஆளைத் தேடும்போது ஒவ்வொரு சிவியையும் திறந்து வாசிப்பதில்லை. மென்பொருள் சிவியிலிருந்து பிரித்தெடுத்த ‘அனுபவ ஆண்டுகள்’ போன்ற கட்டங்களை வைத்தே வடிகட்டுகிறார். புது சிவி பெரும்பாலும் இன்னொரு இணைப்பாகச் சேருமே தவிர, கட்டத்தில் உள்ள எண் அப்படியே கிடக்கும்.

கொக்குவிலில் ஒரு பிள்ளை, மென்பொருள் சோதனையாளர். 2019 ஜூன் முதல் 2021 பெப்ரவரி வரை ஒரு வேலை, 2021 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை இன்னொன்று. மொத்தம் ஐந்து ஆண்டு ஒன்பது மாதம். லண்டன் முகவரின் பதிவில் இருந்ததோ ஒரு ஆண்டு ஒன்பது மாதம். இரண்டாவது வேலையின் திகதிகளை அந்தப் பிள்ளை சிவியில் ஒரு அட்டவணையின் வலப்பக்கத்தில் போட்டிருந்தார், மென்பொருள் அதைத் தவறவிட்டுவிட்டது. நான்கு ஆண்டு கேட்ட வேலைகளுக்கு அவர் பெயர் வரவேயில்லை. புது சிவி அனுப்பினார், “நன்றி” என்று பதில் வந்தது, எண் மாறவில்லை.

பிறகு நான்கே வரி எழுதினோம்: எந்த விபரம் பிழை, இப்போது என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை. சம்பளத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மறைத்து, இரண்டு சேவைச் சான்றிதழ்களையும் இணைத்தோம். திருத்திய பின் கட்டத்தில் என்ன தெரிகிறது என்று எழுதி அனுப்பும்படியும் கேட்டோம். அந்தக் கடைசிக் கேள்விதான் முகவரைப் பதிவைத் திறக்க வைத்தது.

பிரித்தானிய, ஐரோப்பிய முகவர்களுக்கு ஜிடிபிஆர் எனும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் உறுப்புரையைக் குறிப்பிடலாம். பிழையான தரவைத் திருத்தக் கேட்கும் உரிமை அது, வழக்கமாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருப்பது அதற்குத் தடையில்லை.

யாருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்காமல் விடுவது

முகவர் தன் பதிவைத் திருத்தினாலும், பழைய எண்ணோடு உங்கள் விபரம் ஏற்கெனவே நிறுவனங்களுக்குப் போயிருக்கலாம். அவர்களுக்கும் திருத்தத்தை அறிவிக்கச் சொல்லுங்கள். அதே சட்டத்தின் 19ஆம் உறுப்புரை, அது முடியாத காரியமாகவோ அளவுக்கு மீறிய சிரமமாகவோ இல்லாதவரை, அதைக் கடமையாக்குகிறது.

வேறு மின்னஞ்சலிலிருந்து எழுதுவது

இரண்டாவது பதிவு உருவாகலாம். முதலாவது அப்படியே இருக்கும்.

தொலைபேசியில் மட்டும் சொல்வது

சொன்னதற்கு ஆதாரம் இராது.

கூடுதலாகப் பதிந்திருந்தால் பேசாமல் இருப்பது

மூன்றுக்குப் பதில் ஐந்து ஆண்டு என்றிருந்தால் சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள். வேலை உறுதியாகும் நேரத்தில் பழைய நிறுவனத்திடம் திகதிகளைக் கேட்பார்கள். அப்போது பொய் சொன்னவர் நீங்கள்தான், மென்பொருள் அல்ல.