பெயருக்குப் பின்னால் போடும் எழுத்துகள்: உறுப்பினர் யார், சான்று பெற்றவர் யார்?

மின்னஞ்சல் கையொப்பங்களில் சிலர் பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி வைத்து ‘பிஎம்ஐ’ என்று எழுதியிருப்பார்கள். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பின் சுருக்கப் பெயர் அது. வங்கியில் கணக்கு வைத்திருப்பவர் வங்கியின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொள்வதைப் போன்றது இது. அந்த அமைப்பில் உறுப்பினராகத் தேர்வு எழுத வேண்டாம், அனுபவம் காட்ட வேண்டாம். சந்தா கட்டினால் போதும். அந்த அமைப்பு நடத்தும் சான்றுகளில் ஒன்று பிஎம்பி. அதற்குத்தான் தேர்வும், பட்டதாரியாக இருந்தால் 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்திய அனுபவமும், 35 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறார்கள்.

இதைச் செய்பவர்கள் எல்லோரும் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்ல. உறுப்பினர் அட்டை வருகிறது, உறுப்பினர் எண் வருகிறது, பெயர் அச்சிட்ட ஒரு தாளும் வருகிறது. பார்த்தால் எல்லாம் தகுதி போலவே இருக்கும். அமைப்புக்கு அமைப்பு விதி மாறுவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஓரிடத்தில் கற்றுக்கொண்டதை இன்னோரிடத்தில் பொருத்திப் பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள்.

உறுப்பினர் நிலையும் சான்றும் எப்படி இணைகின்றன?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பதில் குறைந்தது நான்கு விதமாக வரும்.

பிஎம்ஐயில் இரண்டும் தனித்தனி. உறுப்பினராகாமலே பிஎம்பி தேர்வு எழுதலாம், கட்டணம்தான் சற்றுக் கூடும். சான்று பெற்ற பிறகு உறுப்பினர் சந்தாவை நிறுத்தினாலும் சான்று போகாது. அதேபோல, பத்து வருடம் உறுப்பினராக இருந்தாலும் பெயருக்குப் பின்னால் போட ஓர் எழுத்தும் கிடைக்காது.

முதலீட்டுத் துறையின் சிஎஃப்ஏவில் கதை நேர்மாறு. மூன்று நிலைத் தேர்வுகளிலும் தேறி, குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேரத் தொடர்புடைய அனுபவத்தையும் காட்டினால் ‘சார்ட்டர்’ எனப்படும் தகுதி கிடைக்கும். ஆனால் அந்த மூன்றெழுத்தைப் பயன்படுத்தும் உரிமை சிஎஃப்ஏ இன்ஸ்டிட்யூட்டின் உறுப்பினராக நீடிப்பவருக்கு மட்டும்தான். ஒவ்வோர் ஆண்டும் சந்தா கட்ட வேண்டும், தொழில் ஒழுக்கம் குறித்த உறுதிமொழிப் படிவத்தையும் நிரப்பித் தர வேண்டும். இரண்டில் ஒன்று நின்றாலும் எழுத்துகளை எடுத்துவிட வேண்டியதுதான். தேர்வில் தேறியது உண்மை, சார்ட்டர் பெற்றதும் உண்மை, ஆனாலும் இன்று அந்த எழுத்துகளைப் போட உரிமை இல்லை. பிஎம்பி வைத்திருப்பவருக்கு இது அநியாயமாகத் தெரியலாம். அங்கே விதி அப்படித்தான்.

தகவல் பாதுகாப்புத் துறையின் ஐஎஸ்சி2 அமைப்பில் வரிசையே வேறு. சிஐஎஸ்எஸ்பி போன்ற சான்று ஒன்றைப் பெறுவதன் வழியாகவே ஒருவர் உறுப்பினராகிறார்.

பொறியாளர்களுக்கான ஐஇடி போன்ற பழைய அமைப்புகளில் உறுப்பினர் நிலையே எழுத்தைத் தருகிறது. விண்ணப்பத்தைப் பரிசீலித்து உறுப்பினராக ஏற்றால் ‘எம்ஐஇடி’ என்று போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல்நிலை ‘எஃப்ஐஇடி’. விலகினால் எழுத்தும் போய்விடும். மாணவ உறுப்பினர்களுக்கு எழுத்து கிடையாது. இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். எம்ஐஇடி என்பதும் ‘சார்ட்டர்ட் இன்ஜினியர்’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, பிரிட்டனின் இன்ஜினியரிங் கவுன்சில் பதிவேட்டில் தனி மதிப்பீட்டுக்குப் பிறகு இடம்பெறுபவருக்கு உரியது.

ஆகவே ‘உறுப்பினர் என்று எழுதலாமா’ என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லை. அந்தந்த அமைப்பின் விதியைத் திறந்து படித்துத்தான் ஆக வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.

தேர்வில் தேறிய அன்றே எழுத்தைப் போடுவது

இதுதான் அதிகம் நடக்கும் தவறு, அதிகம் மன்னிக்கப்படுவதும் இதுதான். சிஐஎஸ்எஸ்பியில் தேர்வு என்பது வழியில் ஒரு கட்டம் மட்டுமே. எட்டுத் துறைப்பிரிவுகளில் குறைந்தது இரண்டில், மொத்தம் ஐந்தாண்டு வேலை அனுபவம் வேண்டும். பொருத்தமான பட்டமோ ஏற்கப்பட்ட வேறு சான்றோ இருந்தால் அதில் ஓராண்டு கழியும். எத்தனை பட்டம் இருந்தாலும் கழிவது ஓராண்டுதான். பிறகு, ஏற்கெனவே ஐஎஸ்சி2 சான்று வைத்திருக்கும் ஒருவரோ, அப்படி யாரையும் தெரியாவிட்டால் அந்த அமைப்போ விண்ணப்பதாரரின் அனுபவத்தை உறுதிசெய்து முன்மொழிய வேண்டும். தேறிய நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் அந்த விண்ணப்பம் போக வேண்டும். அது ஏற்கப்பட்டு, பராமரிப்புக் கட்டணமும் கட்டிய பிறகுதான் எழுத்துகள் உங்களுடையவை.

அனுபவம் போதாதவர்களுக்கு ‘அசோசியேட் ஆஃப் ஐஎஸ்சி2’ என்றொரு நிலை உண்டு. அனுபவத்தைச் சேர்க்க ஆறு ஆண்டு அவகாசம் தருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நிலையில் இருப்பவர் ‘சிஐஎஸ்எஸ்பி அசோசியேட்’ என்று எழுதினால் படிப்பவரின் கண் முதல் சொல்லில்தான் நிற்கும், எழுதுபவருக்கும் அது தெரியும். அமைப்பின் பெயரோடு சேர்ந்த முழுப் பெயர் மட்டுமே அங்கே நேர்மையானது.

சிஎஃப்ஏவிலும் இதே சறுக்கல் வேறு உருவில் வரும். ‘சிஎஃப்ஏ லெவல் 2’ என்று பெயருக்குப் பின்னால் போடுவார்கள். பாதிச் சார்ட்டர் என்று எதுவும் கிடையாது. ‘இரண்டாம் நிலைத் தேர்வில் தேறியவர்’ என்று சுயவிவரத்தின் கல்விப் பகுதியில் வாக்கியமாக எழுதலாம், அது நடந்த உண்மை. ‘சார்ட்டர் எதிர்பார்க்கப்படும் ஆண்டு’ என்று குறிப்பிடுவதை அந்த அமைப்பின் ஒழுக்க விதிகள் தடுக்கின்றன. தேர்வுக்குப் பதிவு செய்யாமல் வெறுமனே படித்துக்கொண்டிருப்பவர் ‘கேண்டிடேட்’ என்று சொல்லிக்கொள்வதும் கூடாது.

ஒரு கையொப்பத்தைப் பிரித்துப் பார்ப்போம்

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் நிறுவனத்தில் பாதுகாப்புத் திட்டங்களை நடத்துபவர். தன் பெயருக்குப் பின்னால் ‘பிஎம்ஐ, பிஎம்பி, சிஐஎஸ்எஸ்பி, எம்ஐஇடி’ என்று நான்கு போட்டிருக்கிறார். எதையும் முழுப் பொய்யாகச் சொல்லவில்லை.

பிஎம்ஐ உறுப்பினர் சந்தா நடப்பில் இருக்கிறது. ஆனாலும் அது எழுத்தாகாது. ‘உறுப்பினர், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்’ என்று சுயவிவரத்தில் தனி வரியாக எழுதலாம்.

பிஎம்பியைத்தான் அவர் கவனிக்கத் தவறியிருக்கிறார். அந்தச் சான்று மூன்றாண்டுச் சுழற்சியில் இயங்குவது. அதற்குள் தொடர்கல்வியிலும் தொழிலுக்குச் செய்யும் பங்களிப்பிலுமாக 60 புள்ளிகள் சேர்க்க வேண்டும். இவருடைய சுழற்சி இரண்டு மாதம் முன்பு முடிந்துவிட்டது, கையில் இருப்பது 48 புள்ளிகள். ஆகவே சான்று இப்போது இடைநிறுத்தத்தில் இருக்கிறது. அப்படி இருக்கும்போது தன்னை பிஎம்பி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஓராண்டுக்குள் மீதி 12 புள்ளிகளைச் சேர்த்துப் புதுப்பித்தால் மீண்டும் போட்டுக்கொள்ளலாம். தவறினால் சான்று காலாவதியாகும், மறுபடி விண்ணப்பித்துத் தேர்வு எழுத வேண்டும். இங்கே பலர் அறியாத ஒரு கணக்கும் உண்டு. தாமதமாகப் புதுப்பித்தாலும் அடுத்த சுழற்சியின் தேதி தள்ளிப்போகாது. பத்து மாதம் கழித்துப் புதுப்பித்தால், அடுத்த 60 புள்ளிகளுக்கு மூன்றாண்டு இருக்காது, இரண்டாண்டுக்குச் சற்றே கூடுதலான காலம்தான் மிஞ்சும்.

சிஐஎஸ்எஸ்பி தேர்வில் போன மாதம் தேறினார். பாதுகாப்புத் துறையில் மூன்றாண்டு வேலை, பொருத்தமான பட்டத்துக்கு ஓராண்டு கழிவு, ஆக நான்கு. இன்னும் ஓராண்டு குறைகிறது. அசோசியேட் நிலையை முறைப்படி பெற்றுக்கொண்டு அந்தப் பெயரை எழுதலாம். எழுத்துகளை எடுக்க வேண்டும்.

எம்ஐஇடி உண்மையாகவே கிடைத்தது. ஆனால் வங்கி அட்டை மாறியபோது சந்தா தானாகக் கழிவது நின்றுபோய், உறுப்பினர் நிலை முடிந்துவிட்டது. நினைவூட்டல் கடிதங்கள் பழைய அலுவலக முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. மீண்டும் சேரும் வரை அதையும் எடுக்க வேண்டும்.

ஆக, நான்கில் ஒன்றும் இன்று நிற்கவில்லை. திறமையும் உழைப்பும் உள்ளவர்தான், தேர்வுகளில் தேறியதும் மெய்தான். என்றாலும் இன்றைய தேதியில் அந்தக் கையொப்பத்தில் பெயர் மட்டும்தான் இருக்கலாம். சுயவிவரத்தில் அவர் நேர்மையாக எழுதக்கூடியது இப்படி இருக்கும்: பிஎம்ஐ உறுப்பினர், அசோசியேட் ஆஃப் ஐஎஸ்சி2 நிலைக்கு விண்ணப்பித்திருக்கிறார் (விண்ணப்பித்திருந்தால்), பிஎம்பி இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டு வரை. படிக்கக் கொஞ்சம் நீளம். ஆனால் வேலைக்கு எடுப்பவர் சரிபார்த்தால் ஒவ்வொரு சொல்லும் நிற்கும்.

சரிபார்ப்பது கடினமும் இல்லை. மேற்சொன்ன சான்று அமைப்புகள் பெயரையோ எண்ணையோ கொடுத்து ஒருவரின் நிலையைத் தேடிப் பார்க்க இணையத்தில் வசதி வைத்திருக்கின்றன. சுவரில் மாட்டிய சான்றிதழின் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்தத் தாள் கொடுத்த நாளின் நிலையை மட்டுமே சொல்லும். பயிற்சி நிறுவனம் தரும் ‘வகுப்பை முடித்தார்’ என்ற தாள் அதனினும் தள்ளி நிற்பது. பிஎம்பிக்கான 35 மணி நேர வகுப்பில் உட்கார்ந்ததற்கும் பிஎம்பி ஆனதற்கும் இடையில் விண்ணப்பமும் தேர்வும் இருக்கின்றன.

எழுத்து போன பிறகு

காலாவதியானதை மறைக்க வேண்டியதில்லை. சிஎஃப்ஏ விதிகளே இதற்கு இடம் தருகின்றன. சந்தா நின்றவர் முன்பு சார்ட்டர் வைத்திருந்ததாகச் சொல்லலாம், இப்போதும் வைத்திருப்பதுபோல் காட்டிக்கொள்ளத்தான் கூடாது. இறந்த காலத்தில் ஆண்டுகளோடு எழுதினால் மற்ற சான்றுகளுக்கும் அதே முறை பொருந்தும்.

எங்கெல்லாம் மாற்ற வேண்டும் என்று கேட்டால், மின்னஞ்சல் கையொப்பம், இணையத்தில் உள்ள சுயவிவரம், நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கும் அறிமுகம், இன்னும் அனுப்பப்படாத ஒப்பந்த முன்மொழிவுகள். கடைசியாகச் சொன்னதில்தான் ஆபத்து அதிகம். முன்மொழிவில் இருக்கும் அறிமுகப் பத்தி பெரும்பாலும் பழைய கோப்பிலிருந்து வேறு யாரோ நகலெடுத்து ஒட்டியதாக இருக்கும், உங்கள் சான்று இடைநிறுத்தத்தில் இருப்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. சான்று பெற்ற ஆள் வேண்டும் என்று வாடிக்கையாளர் நிபந்தனை வைத்த திட்டமாக இருந்தால், அந்த ஒரு வரி ஒப்பந்தத்தையே சிக்கலாக்கும். சான்று நடப்பில் இருந்தபோது வெளியான கட்டுரையிலோ அறிக்கையிலோ இருக்கும் எழுத்துகளைத் தேடிப்போய் அழிக்க வேண்டாம், அன்று அது சரியாகவே இருந்தது.