எச்.ஓ.டி மீட்டிங் மினிட்ஸ்: முடிவு, பொறுப்பாளர், கெடு மூன்றையும் குழப்பமில்லாமல் எழுதுவது எப்படி?

ராமேஸ்வரத்தில் ஒரு நடுத்தர ஹோட்டல். மூன்று மாடி, ஒவ்வொரு மாடியிலும் எட்டு அறை. ஆடி அமாவாசைக்கு முன் துறைத் தலைவர்கள் கூடும் எச்.ஓ.டி மீட்டிங்கில் நீங்கள்தான் மினிட்ஸ் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதிரிக்கு 2025ஐ எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு ஆடி அமாவாசை ஜூலை 24, வியாழன். மீட்டிங் நடப்பது ஜூலை 14, திங்கள்.

பேச்சு இப்படிப் போகிறது. மூன்றாம் மாடிக்கு விடியற்காலையில் வெந்நீர் வரவில்லை என்கிறார் ஹவுஸ்கீப்பிங் மேடம். ஸ்படிக லிங்க தரிசனத்துக்குப் போகிறவர்கள் மூன்றரை மணிக்கே குழாயைத் திறக்கிறார்கள். அக்னி தீர்த்தத்தில் முழுகி, 22 தீர்த்தமும் ஆடி, ஈர உடையோடு திரும்புகிறவர்களுக்கு மறுபடி வெந்நீர் வேண்டும். போர் தண்ணீரின் உப்பு ஹீட் பம்ப் காயிலில் படிந்துவிட்டது, அதை எடுத்தால்தான் தண்ணீர் சீக்கிரம் சூடாகும் என்கிறார் சீஃப் இன்ஜினியர். அதற்கான அமிலம் ஸ்டோரில் இல்லை என்கிறார் பர்ச்சேஸ் மேனேஜர். கடைசியில் ஜி.எம். சொல்கிறார்: “சரி, அமாவாசைக்கு முன்னாடி முடிச்சிடுங்க.”

இதைப் பலரும் இப்படித்தான் எழுதுவார்கள்:

> வெந்நீர்ப் பிரச்சினை விவாதிக்கப்பட்டது. இன்ஜினியரிங், ஹவுஸ்கீப்பிங், பர்ச்சேஸ் ஆகிய துறைகள் இணைந்து அமாவாசைக்கு முன் விரைந்து சரிசெய்யும்.

இதை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது. மூன்று துறை என்றால் ஒவ்வொருவரும் மற்ற இருவருக்காகக் காத்திருப்பார்கள். ‘சரிசெய்யும்’ என்றால் அமிலம் ஊற்றிக் கழுவியதும் முடிந்ததா, மூன்றாம் மாடியில் வெந்நீர் வந்ததும் முடிந்ததா? 23ஆம் தேதி மாலை வேலை முடிந்தால் அதுவும் ‘அமாவாசைக்கு முன்’தான். ஆனால் கூட்டம் அதற்குள் வந்து இறங்கியிருக்கும், அறைகள் நிரம்பியிருக்கும், சோதித்துப் பார்க்க இடமே இருக்காது.

படி 1: மீட்டிங்கிலேயே வாசித்துக் காட்டுங்கள்

ஒரு விஷயம் பேசி முடிந்து அடுத்ததற்குப் போகும் முன், “ஒரு நிமிஷம் சார், இப்படி எழுதிக்கிறேன்” என்று சொல்லி வாசியுங்கள். என்ன முடிவு, யார் செய்கிறார், எந்தத் தேதி என்ற மூன்றும் அதில் வர வேண்டும். எது விட்டுப்போயிருந்தாலும் அங்கேயே கேளுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஜி.எம். முன்னால் இப்படிக் குறுக்கிடத் தயக்கமாக இருக்கும். ஆனால் அறையை விட்டு வெளியே வந்தபின் தேதியை நீங்களாக ஊகித்துப் போட்டால், அந்தக் கெடுவைச் சம்பந்தப்பட்டவர் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமே இல்லை.

படி 2: ஒரு வரிக்கு ஒரு ஆள்

இரண்டு பேர் கை வைக்க வேண்டிய வேலை என்றால் அது இரண்டு வரி. மேலே பேசியதை அப்படிப் பிரித்தால் நான்கு வரி வருகிறது:

> 14/07-1. ஹீட் பம்ப் காயில் கழுவ அமிலம் வாங்கி ஸ்டோரில் சேர்ப்பது.
> பொறுப்பு: பர்ச்சேஸ் மேனேஜர். கெடு: ஜூலை 16, புதன், 12:00.
>
> 14/07-2. இரண்டு ஹீட் பம்ப் காயில்களிலும் உப்புப் படிவை எடுப்பது (14/07-1 முடிந்தபின்).
> பொறுப்பு: சீஃப் இன்ஜினியர். கெடு: ஜூலை 18, வெள்ளி, 17:00.
>
> 14/07-3. சோதனைக்காக மூன்றாம் மாடியின் எட்டு அறைகளையும் ஜூலை 18 காலை 12:00 முதல் ஜூலை 19 பகல் 12:00 வரை புக்கிங் இல்லாமல் பிளாக் செய்வது.
> பொறுப்பு: ஃபிரண்ட் ஆபீஸ் மேனேஜர். கெடு: ஜூலை 14, திங்கள், 18:00.
>
> 14/07-4. ஜூலை 19, சனி, விடியற்காலை 03:30க்கு எட்டு அறைகளின் வெந்நீர்க் குழாய்களையும் ஒன்றாகத் திறந்து சோதிப்பது. கடைசி அறையான 308இல் இரண்டு நிமிடத்துக்குள் 45 டிகிரி செல்சியஸ் வந்தால் முடிந்தது. பார்த்துக் கையெழுத்திடுபவர்: ஹவுஸ்கீப்பிங் ஹெட். வராவிட்டால் மாற்று ஏற்பாட்டை அன்று 10:00க்கு ஜி.எம். முடிவு செய்வார்.
> பொறுப்பு: சீஃப் இன்ஜினியர். கெடு: ஜூலை 19, சனி, 09:00க்குள் ஜி.எம்.முக்கு முடிவைத் தெரிவிப்பது.

நான்காவது வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வேலை முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது என்பது அதிலேயே இருக்கிறது. ஒரே ஒரு குழாயைத் திறந்து பார்த்தால் எந்த ஹோட்டலிலும் வெந்நீர் வந்துவிடும். எட்டும் ஒன்றாகத் திறந்தால்தான் அமாவாசை விடியற்காலையில் என்ன நடக்கும் என்று தெரியும். செய்கிறவர் ஒருவர், பார்த்து ஒப்புக்கொள்கிறவர் வேறொருவர் என்பதும் முக்கியம். ஆனால் பொறுப்பு என்ற இடத்தில் ஒரு பெயர்தான்.

அந்த இடத்தில் ‘வெண்டர்’ என்று எழுதாதீர்கள். மதுரையிலிருந்து அமிலம் அனுப்புகிறவர் உங்கள் மினிட்ஸைப் படிக்கப் போவதில்லை. அவரைத் துரத்த வேண்டிய பர்ச்சேஸ் மேனேஜர்தான் பொறுப்பு. அன்று மீட்டிங்குக்கு வராத ஒருவர் தலையில் வேலை விழுந்தால், “இன்று 16:00க்குள் அவரிடம் தெரிவிப்பது” என்று இன்னொருவர் பேரில் தனி வரி போடுங்கள். அவர் ஒப்புக்கொள்ளும் வரை அது முடிவான கெடு ஆகாது.

படி 3: தேதியை இரவு வழியாகச் சோதியுங்கள்

ஹோட்டலில் அதிகம் இடறுவது இங்கேதான். “வெள்ளிக்கிழமை ராத்திரி மூன்றரைக்கு” என்று பேச்சில் சொல்வோம். காலண்டரில் அது சனிக்கிழமை. ஆனால் ஃபிரண்ட் ஆபீஸ் சாஃப்ட்வேரில், அன்றைய கணக்கை முடிக்கும் நைட் ஆடிட் முடியும் வரை வெள்ளிக்கிழமைத் தேதிதான் ஓடும். ஒருவர் 18 என்று நினைப்பார், இன்னொருவர் 19 என்று நினைப்பார், இரண்டு பேருக்கும் அவரவர் நியாயம் உண்டு. அதனால் காலண்டர் தேதி, கிழமை, 24 மணி நேரக் கணக்கு மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். இப்போது மேலே உள்ள 14/07-3ஐ மறுபடி வாசியுங்கள். ‘காலை 12:00’ என்று இருக்கிறதா? அது நள்ளிரவா, நண்பகலா? சர்க்குலேட் செய்யும் முன் இந்த ஒரு பார்வை கட்டாயம். அந்த இடம் ‘ஜூலை 18, பகல் 12:00’ என்று திருத்தப்பட வேண்டும்.

நிகழ்ச்சியை வைத்துக் கெடு சொல்வதும் இதே வகைதான். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். “தடைக்காலம் முடிந்ததும் மெனுவில் மீன் வகைகள் சேர்க்கப்படும்” என்று எழுதினால், ஜூன் 15 காலையிலேயே புது மெனு கார்டு மேஜைக்கு வந்துவிடலாம். படகு கடலுக்குப் போய்த் திரும்பி, மீன் கரையேறி, விலை படிய வேண்டாமா? நாட்டுப்படகு மீன் தடைக்காலத்திலும் வருகிறது, ஆகவே எந்த மீன் என்பதும் தெளிவில்லை. “விசைப்படகு மீன் வகைகள் கொண்ட மெனு ஜூன் 18 மதிய உணவிலிருந்து நடைமுறைக்கு வரும், பொறுப்பு: செஃப்” என்று எழுதினால் சந்தேகம் இல்லை.

படி 4: அன்றே அனுப்புங்கள்

மீட்டிங் நடந்த அன்று மாலைக்குள் எல்லா எச்.ஓ.டிக்கும் போக வேண்டும். கூடவே ஒரு வரி: “திருத்தம் இருந்தால் ஜூலை 15, செவ்வாய், 11:00க்குள் தெரிவிக்கவும்.” வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாலும், மெயிலிலும் ஒரு பிரதி இருக்கட்டும். குரூப்பில் வந்தது அரை நாளில் மேலே போய்விடும்.

படி 5: அடுத்த மீட்டிங்கைப் பழைய எண்களோடு தொடங்குங்கள்

ஜூலை 21 மினிட்ஸின் முதல் பகுதி 14/07-1 முதல் 14/07-4 வரைதான். ஒவ்வொன்றுக்கும் ‘முடிந்தது’ அல்லது ‘நிலுவை’ என்று மட்டும் எழுதுங்கள். “நடந்துகொண்டிருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், அது நிலுவை. கெடு தள்ளிப்போனால் பழைய தேதியை அழிக்காமல் பக்கத்திலேயே புதுத் தேதியையும் காரணத்தையும் எழுதுங்கள்: “கெடு: ஜூலை 16, அமிலம் வந்து சேராததால் ஜூலை 17, வியாழன், 10:00, ஒப்புதல்: ஜி.எம்.” முதல் வரி ஒரு நாள் நகர்ந்தால் 14/07-2க்கும் அந்த ஒரு நாள் குறைகிறது என்பதைச் சீஃப் இன்ஜினியரிடம் அப்போதே கேட்டு, அவருடைய வரியிலும் பதிவு செய்யுங்கள்.