அப்ரைசலை யார் எழுதுவார் என்று கேட்டேன்

டீம் லீட் வேலை என்று கன்சல்டன்சியிலிருந்து அழைத்தார்கள், வேலை விவரம் சொல்லும் ஜேடியில் 'பல்வேறு பொறுப்புகள்' என்பதைத் தாண்டி ஒன்றுமில்லை. முன்பு இப்படிச் சேர்ந்துதான் கீழே ஒருவர்கூட இல்லாமல் 8 மாதம் தவித்தேன்.

டீம் எவ்வளவு பெரியது என்று பொதுவாகக் கேட்டால் மொத்தப் பிரிவின் கணக்கைச் சொல்லிவிடுவார்கள். அதனால் என் அப்ரைசலை யார் எழுதுவார், நான் எத்தனை பேருக்கு எழுதுவேன், முதல் 3 மாதத்தில் என்ன முடிக்க வேண்டும், இது புதுப் பதவியா இல்லை யாராவது விட்டுப்போன இடமா என்று மெயிலில் கேட்டேன்.

கன்சல்டன்சியிலிருந்து அழைத்த பெண்ணுக்கே தெரியவில்லை, ஆனால் மேனேஜரிடம் கேட்டு 2 நாளில் பதில் அனுப்பினார். எனக்குக் கீழே 2 பேர், அதில் ஒருவர் கான்ட்ராக்ட். தினசரி வேலைக்கு நான் பதில் சொல்ல வேண்டியது புனேயில் இருப்பவருக்கு, என் அப்ரைசலை எழுதுவது சென்னையில் வேறொருவர். சரி, அடுத்த ரவுண்டில் புனேக்காரர், சென்னைக்காரர் இருவரோடும் பேச வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.